ஒரே காபி, ஒருவருக்குப் படபடப்பு, இன்னொருவருக்குத் தூக்கம்

கேள்வி: காலையில் ஒரு டம்ளர் காபி குடித்தாலே எனக்குப் படபடப்பு, கை நடுக்கம். என் கணவர் ராத்திரி சாப்பிட்ட பிறகும் குடித்துவிட்டு நன்றாகத் தூங்குகிறார். எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. படபடப்பு எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்.

குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் அது பெரும்பாலும் மூளை சம்பந்தப்பட்டது. அடினோசின் என்ற பொருள் மூளையில் உள்ள ஏற்பிகளில் உட்கார்ந்து நமக்கு அசதியைத் தரும், காஃபீன் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஏற்பியைச் செய்யும் அடோரா2ஏ மரபணுவில் ஒரு வகை இருப்பவர்களுக்கு, அதுவும் தினமும் குடித்துப் பழகாதவர்களுக்கு, கொஞ்சம் காஃபீனே பதற்றத்தைக் கிளப்பிவிடும்.

சாயங்காலம் குடித்தது ராத்திரி தூங்கவிடவில்லை என்றால் கல்லீரலையும் பார்க்க வேண்டும். அங்கே சிஒய்பி1ஏ2 என்ற நொதிதான் காஃபீனில் பெரும்பகுதியை உடைக்கிறது, அதன் வேகம் ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். நாலு மணிக்கு இருவர் காபி குடித்து, ஆளுக்கு 100 மில்லிகிராம் காஃபீன் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் உடம்பில் பத்து மணிக்கு 25 மில்லிகிராம்தான் மிஞ்சும், 8 மணி நேரம் எடுக்கும் உடம்பில் கிட்டத்தட்ட 60. இந்த இரண்டாவது ஆளுக்குப் படுக்கப் போகும்போது ஒரு கப் டீ குடித்த மாதிரிதான்.

இந்த வேகம் பரம்பரையால் மட்டும் வருவதில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் காஃபீன் வெளியேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிடவும் அதிகம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகளும் நொதியைத் தடுக்கும். சிகரெட் புகை அதை முடுக்கிவிடும், அதனால் உங்கள் கணவர் புகைப்பவராக இருந்து அதை நிறுத்தினால், அதே காபி அவர் தூக்கத்தையும் கெடுக்கலாம், அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், படுத்ததும் தூங்கிவிடுகிறார் என்பதாலேயே பாதிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. காஃபீன் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும், அது அவருக்கே தெரியாமல் போகலாம்.

இதற்காக மரபணு சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள், ஒன்றிரண்டு மரபணுவை வைத்து உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிட டிகாஷனைப் பாதியாக்கி, பாலைக் கூட்டி, காலையில் சாப்பிட்ட பிறகு மட்டும் ஒரு வாரம் குடித்துப் பாருங்கள். படபடப்பு அடங்கினால் உங்கள் அளவு அதுதான், தினமும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். காபியே குடிக்காத நாளிலும் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, எடையும் குறைந்துகொண்டே வந்தால் காபியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.