ஏழு மாதம் பூட்டிக் கிடந்த வீடும் கேஸ் மீட்டர் விழுங்கிய நாற்பது பவுண்டும்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். முன்பணம் போடும் கேஸ் மீட்டர். ஆறு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து கார்டில் 20 பவுண்டு போட்டேன். மீட்டர் அதை எடுத்துக்கொண்டது, கேஸ் வரவில்லை. வீட்டில் யாருமே இல்லாத நாட்களுக்கு எதற்காகப் பணம்? திரும்பக் கிடைக்குமா?

பதில்:

எனக்கும் இதேதான் நடந்தது. 2024 ஜூன் 3 அன்று அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்று செய்தி வந்து, அன்று மாலையே ஈஸ்ட் ஹாமில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தது 2025 ஜனவரி 11. உள்ளே நுழைந்தால் வெளியே இருந்ததைவிடக் குளிர் அதிகம். தெருமுனைக் கடையில் 20 பவுண்டு போட்டு, கார்டை மீட்டரில் செருகினேன். பாய்லர் எரியவில்லை. கார்டு பழுதாகிவிட்டதோ என்று நினைத்து மறுபடி ஓடிப்போய் இன்னும் 20 போட்டேன். அதுவும் போனது. மீட்டரின் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு திரையாகப் பார்த்தபோதுதான் கடன் என்ற இடத்தில் 16 பவுண்டு 82 பென்ஸ் நின்றது.

கணக்கு இதுதான். கேஸ் கட்டணத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று எரித்த அளவுக்கு. மற்றொன்று ஸ்டாண்டிங் சார்ஜ், அதாவது எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் நிலைக் கட்டணம். என் கட்டணத்தில் அப்போது அது நாளுக்கு 31 பென்ஸ். நான் இல்லாத 222 நாட்களுக்கு 68 பவுண்டு 82 பென்ஸ். போகும்போது மீட்டரில் 12 பவுண்டு மிச்சம் இருந்தது. அது ஜூலை நடுவிலேயே கரைந்துவிட்டது. அதன் பிறகு மீட்டர் கேஸை நிறுத்தியது, கட்டணத்தை நிறுத்தவில்லை. நான் திரும்பிய அன்று 56 பவுண்டு 82 பென்ஸ் கடன் சேர்ந்திருந்தது. அது தீரும்வரை போடும் பணமெல்லாம் முதலில் அதற்குத்தான் போகும். உங்கள் 20 பவுண்டு போன இடமும் அதுதான்.

எதற்காக இந்தக் கட்டணம் என்று கேட்கிறீர்கள். வீட்டு வாசல்வரை வரும் குழாயைப் பராமரிக்கும் செலவில் ஒரு பகுதி, மீட்டரின் செலவு, விநியோக நிறுவனத்தின் கணக்கு வழக்குச் செலவு ஆகியவை இதில் அடங்கும். இவை நாம் அடுப்புப் பற்றவைப்பதைப் பொறுத்தவை அல்ல, அதுவரை நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2021இல் இருபதுக்கும் மேற்பட்ட விநியோக நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது, அவற்றின் மின்சார வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு மின்சாரத்தின் நிலைக் கட்டணத்தின் வழியாகவே எல்லார் தலையிலும் ஏற்றப்பட்டது. ஒரு விளக்கோடு காலம் தள்ளும் முதியவரும் பெரிய வீட்டுக்காரரும் அதை ஒரே அளவில் சுமப்பது தவறு என்றே நினைக்கிறேன். ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணத்தின் உச்சவரம்பை மாற்றுகிறது. வீடு காலியாக இருந்தது என்பதற்காக அந்த நாட்களைக் கழித்துவிடும் கடமை நிறுவனத்துக்குக் கிடையாது. ஆகவே போன பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் மீதிக் கடனை ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை. நான் இரண்டாவது 20 பவுண்டைப் போடுவதற்கு முன்பே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். விநியோக நிறுவனத்தை அழைத்துப் பேசியதும், மீதி 16 பவுண்டு 82 பென்ஸை வாரம் 3 பவுண்டு வீதம் பிடிப்பதாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் முடிந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் முழுக் கடனையும் அப்படிப் பரப்பியிருக்கலாம், அன்று இரவு கோட்டுடன் படுத்திருக்க வேண்டியதில்லை. என்னுடையது பழைய கார்டு மீட்டர் என்பதால் அந்த மாற்றம் கடை இயந்திரம் வழியாகக் கார்டில் ஏறி, கார்டு வழியாக மீட்டருக்குள் போக வேண்டும். ஆகவே மறுநாள் 10 பவுண்டு போட்டேன், கேஸ் வந்தது. ஸ்மார்ட் மீட்டர் என்றால் அவர்கள் தொலைவிலிருந்தே மாற்றிவிடுவார்கள். வீட்டில் குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருந்தால் அதை அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் திருப்பிச் செலுத்தும் கூடுதல் கடன் கொடுப்பதற்கு விதி இருக்கிறது.

ஒன்றைச் சரிபாருங்கள். திரையில் காட்டும் கடனை நீங்கள் இல்லாத நாட்களால் வகுத்துப் பாருங்கள். மீதமிருந்த பணத்தையும் இப்போது போட்டதையும் சேர்த்துக்கொண்டு வகுத்தால், உங்கள் கட்டண விவரத்தில் உள்ள நாள் கட்டணத்துக்கு அருகில் வர வேண்டும். அதைவிட மிக அதிகமாக வந்தால் அது வெறும் நிலைக் கட்டணம் அல்ல. பழைய பாக்கியோ, முன்பு குடியிருந்தவருடைய கடனோ அதில் கலந்திருக்கலாம். காலியாகக் கிடந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, உள்ளே இருந்த பழைய கார்டையே பயன்படுத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. குடிவந்த நாளுக்கு முந்தைய கட்டணம் உங்களுடையது அல்ல. குடிவந்த தேதியைச் சொல்லி, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பி, உங்கள் பெயரில் புதிய கார்டு கேளுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, போகும் நாட்களை நாள் கட்டணத்தால் பெருக்கி அந்தப் பணத்தை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போங்கள். என் கணக்கில் 70 பவுண்டு போதும். கட்டணம் மிச்சமாகாது, ஆனால் கேஸ் நிற்காது. பனிக்காலத்தில் அதுதான் முக்கியம். பாய்லர்கள் பலவற்றில் குழாய் உறையாமல் தானே சற்று எரிந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு, கேஸ் நின்றால் அது வேலை செய்யாது. உறைந்து வெடித்த குழாயின் சேதத்துக்கு முன்னால் இந்த 70 பவுண்டு ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அன்று பிடிவாதமாகச் சொன்னதால் சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் போயிருந்தேன். அதனால் தப்பித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் பல காப்பீடுகள் பொருந்தாது, அதையும் படித்துப் பாருங்கள்.

மீட்டரையே கழற்றச் சொன்னால் நிலைக் கட்டணம் நின்றுவிடும். குழாயை மூடி முத்திரையிட்டால் மட்டும் நிற்காது, மீட்டர் சுவரில் இருக்கும்வரை ஏறும். ஆனால் மறுபடி பொருத்தச் செலவும் காத்திருப்பும் உண்டு. ஆறேழு மாதத்துக்காக அதைச் செய்வது நஷ்டம்.

தண்ணீர்க் கட்டணத்தில் வழி சற்று வேறு. இங்கே பல தண்ணீர் நிறுவனங்கள், ஆளும் இல்லாமல் தட்டுமுட்டுச் சாமான்களும் இல்லாமல் முற்றிலும் வெறுமையாக இருக்கும் வீட்டுக்குக் கட்டணத்தை நிறுத்துகின்றன. கட்டில், சோபாவோடு பூட்டிவிட்டுப் போன நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ காலி செய்திருந்தால், சாமான் வெளியேறிய தேதியை அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.