கேட்டதற்குப் பதில் முதல் வரியில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கிறோம். ஆன்லைனிலும் விற்கிறோம். சைஸ் சரியில்லை என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதினால் கடையில் இருக்கும் பெண் இந்தப் பதிலை அனுப்புவார்: "அன்புள்ள வாடிக்கையாளரே, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தொடர்புகொள்வோம்." மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறோம். ஆனாலும் பலர் கோபப்படுகிறார்கள். எப்படி மாற்றுவது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: முதல் வரியிலேயே "மாற்றித் தருகிறோம்" அல்லது "மாற்றித் தர முடியாது" என்று சொல்லிவிடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

செய்தி வந்ததும் வாடிக்கையாளரின் போன் திரையில் தெரிவது முதல் சில சொற்கள்தான். அந்த இடத்தை "அன்புள்ள வாடிக்கையாளரே, எங்களைத் தொடர்புகொண்டதற்கு" என்பது அடைத்துக்கொள்கிறது. அவர் கேட்டது கொலுசு மாறுமா, கூரியர் செலவு யாருடையது என்ற இரண்டைத்தான். திறந்து கடைசி வரை படித்தாலும் இரண்டுக்கும் விடை கிடைப்பதில்லை. வேறு எந்தக் கடைக்காரர் அனுப்பினாலும் பொருந்துகிற பதில் அது. தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்றே அவர் நினைப்பார்.

ஒருவர் 10.5 அங்குலம் கேட்டிருக்க, நீங்கள் 10 அங்குல ஜோடியை அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். கொலுசை மாற்றித் தருகிறோம், கூரியர் செலவு எங்களுடையது. நீங்கள் 10.5 அங்குலம் கேட்டிருந்தீர்கள், நாங்கள் 10 அங்குலம் அனுப்பிவிட்டோம், மன்னிக்கவும். வியாழக்கிழமை கூரியர்காரர் வந்து அந்த ஜோடியை வாங்கிக்கொள்வார், பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். எங்கள் கைக்கு வந்த மறுநாள் புது ஜோடியை அனுப்புகிறோம். கூடுதல் பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

மன்னிப்பு இதிலும் இருக்கிறது. ஆனால் எதற்கு மன்னிப்பு என்று தெரிகிறது. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதில் தவறு யாருடையது என்பதே மறைந்துவிடும். "அனுப்பப்பட்டுள்ளது" என்பதிலும் அப்படித்தான், யார் அனுப்பினார், யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. "விரைவில்" வரும் இடத்தில் கிழமையைப் போடுங்கள்.

அவரே அளவைத் தவறாகச் சொல்லியிருந்தால் முதல் வரி மாறும்: "மாற்றித் தருகிறோம், ஆனால் கூரியர் செலவும், எடை கூடினால் அந்த வெள்ளிக்கான பணமும் நீங்கள் தர வேண்டியிருக்கும்." பணம் விஷயத்தை மூன்றாவது பத்தியில் ஒளித்து வைக்காதீர்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே பதிலுக்குள் அடக்கவும் பார்க்காதீர்கள். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. வாடிக்கையாளர் அளவு மாற்றிச் சொன்னால் என்ன செய்வது என்பது உங்கள் கடை விதியைப் பொறுத்தது. அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கடினமானது, உங்களுக்கே விடை தெரியாத நிலைமை. கொக்கி உடைந்துவிட்டது என்று ஒருவர் எழுதுகிறார். பற்றவைத்தால் போதுமா, புது ஜோடிதான் தர வேண்டுமா என்பது பட்டறையில் பார்த்தால்தான் தெரியும். "கொக்கியைச் சரிசெய்து தருவதா, ஜோடியையே மாற்றுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. பட்டறைக்காரர் நாளை பார்க்கிறார். நாளை மாலை 5 மணிக்குள் நானே எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குள் முடிவாகாவிட்டாலும் 5 மணிக்கு அதையே எழுதிவிட வேண்டும்.

புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் பழைய பதில் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டது போலத் தோற்றம் தருகிறது. ஒப்புக்கொள்ள ஒரு வரி போதும்: "உங்கள் செய்தி கிடைத்தது, நாளை மதியத்துக்குள் பதில் சொல்கிறோம்."

வாட்ஸ்அப் பிசினஸில் சாய்கோடு (/) போட்டால் வரும் விரைவுப் பதில்களில், உங்கள் தவறு, வாடிக்கையாளர் தவறு, இன்னும் முடிவாகாதது என்ற மூன்று நிலைமைகளுக்கான பதில்களையும் தனித்தனியாகச் சேமியுங்கள். அளவு, கிழமை, செலவு வரும் இடங்களில் ____ போட்டு வைத்தால், நிரப்பாமல் அனுப்ப அந்தப் பெண்ணுக்குக் கை வராது. சில வாரம் கழித்து உரையாடல்களைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பதிலுக்கு அடுத்து வாடிக்கையாளர் அதே கேள்வியை மறுபடி கேட்டிருந்தால், அந்த விரைவுப் பதிலின் முதல் வரியை இன்னும் திருத்த வேண்டும்.