மழை, ஸ்டிரைக் என்று தேர்வைத் தள்ளி வைத்தால் என்ன நடக்கும்? வினாத்தாள் கசிந்தால், எழுதி முடித்த தேர்வையும் திரும்ப எழுதச் சொல்வார்களா?

முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வினாத்தாள் கட்டைப் பிரித்தாகிவிட்டதா?

ஒரு கல்லூரியில் சில வருடங்கள் தேர்வுப் பணி பார்த்தேன். ஒரு தடவை ராத்திரியெல்லாம் மழை; காலையில் தேர்வு தள்ளிவைப்பு என்று தகவல் வந்தது. அடுத்த போனில் மேலிடத்தில் கேட்டதே "கட்டைப் பிரிச்சாச்சா?" என்றுதான். பிரிக்கவில்லை. ஒட்டின இடத்தில் போட்ட கையெழுத்து கலையாமல் இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்து, எழுதிக் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினோம். பன்னிரண்டு நாள் கழித்து அதே கட்டு, அதே வினாத்தாள்.

இன்னொரு தடவை ஸ்டிரைக். சில மையங்களில் தேர்வு நடந்தேவிட்டது, சிலவற்றில் ஆளே வர முடியவில்லை. ஒரே ஒரு மையத்தில் பிரித்தாலும் அந்த வினாத்தாள் செத்த மாதிரிதான். எழுதியவர்களின் விடைத்தாள் அப்படியே திருத்தப்பட்டது; மற்றவர்களுக்கு வேறு வினாத்தாள்.

சரி, கசிவுக்கு வருவோம். இங்கே கட்டு எப்போது பிரிந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே தெரியாது. அதனால் கேள்வி மாறுகிறது: பார்த்தவர்களைத் தனியே பிரித்து எடுக்க முடியுமா?

2015இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மின்னணுக் கருவி வழியாக விடை வாங்கியவர்கள் என்று போலீஸ் கண்டுபிடித்தது 44 பேரை. அத்தோடு முடிந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. உச்ச நீதிமன்றம் மொத்தத் தேர்வையும் ரத்து செய்ய, ஜூலை 25 அன்று எல்லோரும் திரும்ப எழுதினார்கள்.

2024 நீட் தேர்வில் ஹசாரிபாக், பாட்னா பக்கம் வினாத்தாள் கசிந்தது உண்மை என்று அதே நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பலனடைந்தவர்களாகச் சுட்டப்பட்டவர்கள் சுமார் 155 பேர், 2015ஐவிட அதிகம். ஆனாலும் கசிவு தேர்வு முழுக்கப் பரவியதற்கு ஆதாரம் இல்லை, தவறு செய்தவர்களைப் பிரித்துவிடலாம் என்று சொல்லி மறுதேர்வுக்கு மறுத்துவிட்டது. ஆக, தலைக்கணக்கு அளவுகோல் இல்லை.

எனக்கு மனசு ஆறாதது, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான அதே வருட யுஜிசி நெட். ஜூன் 18இல் 9 லட்சம் பேர் எழுதினார்கள், மறுநாளே ரத்து. கசிந்த வினாத்தாள் என்று டெலிகிராமில் சுற்றிய ஸ்கிரீன்ஷாட், தேர்வுக்கு முன்பே வெளியானதுபோல் காட்டத் திருத்தப்பட்ட படம் என்று சிபிஐ பிறகு கண்டறிந்தது. அதனால் ரத்து திரும்பவில்லை. முதலில் எழுதிய விடைத்தாள் யாருக்கும் பயன்படவில்லை. ஆகஸ்டு 21 முதல் மறுபடி, இந்தத் தடவை கணினியில், எழுத வேண்டியதாயிற்று.