மூட், சேம், திஸ்: மூன்றும் ஒன்றல்ல

கேள்வி: என் பதிவுகளுக்குக் கீழே சிலர் "மூட்" என்கிறார்கள், சிலர் "சேம்", சிலர் "திஸ்". எல்லாமே "ஆமாம்" என்பதுதானே? இதற்கெல்லாம் என்ன பதில் போடுவது?

மூன்றும் ஒத்துப்போகிற சொற்கள்தான். ஆனால் வாசகர் எதோடு ஒத்துப்போகிறார் என்பது ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. 'சீக்கிரம் மறந்துவிடு' என்று சொல்பவர்களுக்கு இழப்பு என்றால் என்னவென்றே தெரியாது."

இதற்குக் கீழே ஒருவர் "சேம்" என்று எழுதினால், அவரும் நெருங்கிய ஒருவரை இழந்திருக்கிறார். அவர் போனிலும் அழிக்காத ஒரு நம்பர் இருக்கிறது. "திஸ்" என்று எழுதியவருக்கு அப்படி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அவர் பிடித்துக்கொண்டது மூன்றாவது வாக்கியத்தை, அதாவது மறக்கச் சொல்பவர்களைப் பற்றிய உங்கள் கருத்தை. "மூட்" என்று யாராவது எழுதினால் படிக்கிற நமக்கே சுருக்கென்று இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"திஸ்" ஒட்டிக்கொள்ள ஒரு கருத்து வேண்டும், சரி தப்பு என்று வாதிடக்கூடிய ஒன்று. வெறும் நிகழ்ச்சிக்குக் கீழே அது நிற்காது. "நேற்று பஸ்ஸைத் தவறவிட்டேன்" என்பதற்கு யாரும் "திஸ்" போடுவதில்லை. இதைப் போடுகிறவர் பெரும்பாலும் உங்களைப் பார்த்துப் பேசவில்லை, மற்ற வாசகர்களைப் பார்த்து "இதைப் படியுங்கள்" என்று கை காட்டுகிறார். அந்தக் கருத்து அவர் மனதில் ஏற்கெனவே இருந்திருக்கும். வாக்கியமாக அமைத்தது நீங்கள். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மட்டும் பெயரோடு பதிவு செய்கிறார்.

கை காட்டுகிற சொல் என்பதால் இதில் ஒரு பலவீனமும் உண்டு. பதிவில் நாலு கருத்து இருந்தால் எதைக் காட்டுகிறார் என்று தெரியாது. மேலே இருக்கிற இன்னொருவரின் கருத்தைக் காட்டும் மேல்நோக்கிய குறிக்கும் (^) இதே சிக்கல்தான். கருத்துகளின் வரிசை மாறினால் அந்தக் குறி வேறு யாரையோ காட்டும். பதிவைப் பிறகு திருத்தினால், தான் படிக்கவே படிக்காத வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவராக அவர் நிற்பார். அதனால் "திஸ்" எழுதுகிறவர்கள் தாங்கள் சொல்ல வந்த வாக்கியத்தை மேற்கோளாக எடுத்துப் போடுவது நல்லது. உங்களுக்கு வந்த "திஸ்" எதைச் சொல்கிறது என்று புரியாவிட்டால், "எந்த வரியைச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதில் தவறே இல்லை.

"சேம்" மூன்றிலும் கனமானது. அப்படித் தோன்றாது, ஆனால் அதுதான் உண்மை. உரையாடல்களை ஆராய்ந்த ஹார்வி சாக்ஸ் ஒன்றைக் கவனித்தார்: ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னால், கேட்டவர் தனக்கு நடந்த இணையான ஒன்றைச் சொல்லி, தான் புரிந்துகொண்டதைக் காட்டுகிறார். "சேம்" என்பது அந்த இரண்டாவது கதையின் தலைப்பு மட்டும். கதை உள்ளேயே இருக்கிறது. பதிவில் கடன் இருந்தால் அவருக்கும் கடன், தூக்கமின்மை இருந்தால் அவருக்கும் தூக்கமின்மை. தன் வாயால் ஒரு விவரமும் சொல்லாமல், உங்கள் விவரங்களை எல்லாம் தனக்கும் பொருந்தும் என்று பொதுவெளியில் ஒப்புக்கொள்கிறார். வேலை, பணம், உடல்நிலை பற்றிய பதிவுகளுக்குக் கீழே "சேம்" போடுவதற்கு முன் இதை ஒரு கணம் யோசிப்பது நல்லது. அந்தச் சொல்லின் மேலே முழுப் பதிவும் நிற்கிறது, உங்கள் பெயரும் பக்கத்தில் இருக்கிறது.

பதில் போட வேண்டியதும் முக்கியமாக இந்தச் சொல்லுக்குத்தான். லைக் போதாது, ஒரு சின்னக் கேள்வி போதும்: "உங்களுக்கும் இப்போதுதானா?" சொல்ல விரும்பினால் சொல்வார், இல்லாவிட்டால் ஒரு இதயக்குறியோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாவது முறை கேட்க வேண்டாம்.

"சேம்" பின்னால் ஒரு "ஆனால்" வருகிறதா என்றும் பாருங்கள். உரையாடல்களை ஆராய்ந்த இன்னொருவர் அனிட்டா பொமரண்ட்ஸ்; அவர் 1984இல் எழுதிய ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பேச்சில் உறுதியாக ஒத்துப்போகிறவர்கள் ஒரு படி ஏற்றிச் சொல்கிறார்கள்; "நன்றாக இருக்கிறது" என்றால் "பிரமாதம்" என்பார்கள். அதே அளவில் திருப்பிச் சொல்வது பலவீனமான ஒப்புதல், பல நேரம் மறுப்புக்கு முன்னால் வருவது. "பிக் மூட்", "சேம் சேம் சேம்", "திஸ், நூறு முறை திஸ்" எல்லாம் பிறந்ததற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஒற்றைச் சொல்லால் படி ஏற முடியாது, அதனால் பெரிதாக்குகிறார்கள், அடுக்குகிறார்கள்.

இனி "மூட்". இதற்குக் கருத்தும் வேண்டாம், நிகழ்ச்சியும் வேண்டாம், ஒரு காட்சி போதும். பெட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட பூனையின் படத்துக்குக் கீழே "சேம்" சரிவராது, ஏனென்றால் வாசகரின் தலை எந்தப் பெட்டியிலும் இல்லை. "மூட்" கச்சிதமாகப் பொருந்தும். "என் நிலைமை இப்போது இந்தப் படம் மாதிரி" என்கிறார், என்ன நிலைமை என்பதைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் "சும்மா ஜாலிக்கு" என்று விலகிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. எதையும் ஒப்புக்கொள்ளாமல் உணர்வை மட்டும் காட்ட விரும்புகிறவர்களின் சொல் இது. அப்பாவின் நம்பர் பற்றிய பதிவுக்குக் கீழே அது உறுத்துவதும் இதனால்தான்: ஒருவரின் துக்கத்தை, தன் மனநிலையைக் காட்டும் படமாக ஆக்கிவிடுகிறது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், கைப்பழக்கமாக வந்திருக்கும். கோபப்படாமல் விட்டுவிடலாம்.

சாதாரண "மூட்"டுக்கு லைக் போதும், "என்ன ஆச்சு?" என்று அங்கேயே துருவினால் அவர் எடுத்துக்கொண்ட இடைவெளியை நாம் பறிக்கிறோம். ஒரே ஒரு விதிவிலக்கு. "எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட வேண்டும்" என்ற தொனியில் இருக்கிற பதிவுகளுக்குக் கீழே ஒரே நபர் திரும்பத் திரும்ப "மூட்" போட்டால், அந்த விளையாட்டுத் தொனியை நம்பி இருந்துவிடாதீர்கள். கருத்துப் பகுதியில் கேட்காமல் தனிச் செய்தி அனுப்புங்கள், எந்தப் பதிவில் பார்த்தீர்கள் என்று சொல்லி, எப்படி இருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள்.