3.2 சதவீதமும் உங்கள் தங்கையும்

வணக்கம் சார். 2017-18-ல் 6 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24-ல் 3.2 ஆகக் குறைந்துவிட்டது என்று படித்தேன். எங்கள் தெருவிலேயே எம்.காம். முடித்த என் தங்கையையும் சேர்த்து நாலைந்து பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அரசாங்கம் பொய் சொல்கிறதா, இல்லை எனக்குத்தான் கணக்கு புரியவில்லையா?
ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

யாரும் பொய் சொல்லவில்லை. உங்கள் தங்கை அந்தக் கணக்கில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அவர் இப்போது வேலை தேடுகிறாரா, அல்லது அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கெடுக்க வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வேலை செய்யவில்லை, ஆனால் தேடுகிறேன் அல்லது கிடைத்தால் போகத் தயார் என்று சொன்னால் 81 என்று குறியீடு போடுவார்கள், அவர்தான் வேலையில்லாதவர். வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று சொன்னால் 92. 92 போட்டுவிட்டால் அவர் வேலையில் இருப்பவரும் இல்லை, வேலையில்லாதவரும் இல்லை. உழைப்புச் சந்தைக்கே வெளியே போய்விட்டார், வேலையின்மை விகிதம் என்கிற பின்னத்தில் மேலேயும் வரமாட்டார், கீழேயும் வரமாட்டார்.

ஒரு சின்ன ஊரை வைத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 100 பேர், அதில் 50 பேர் வேலை செய்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள். சந்தையில் இருப்பது 55 பேர், 55-ல் 5 என்றால் வேலையின்மை 9.1 சதவீதம். தேடும் ஐந்து பேரில் மூன்று பேர் வெறுத்துப்போய்த் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது 52-ல் 2 பேர், 3.8 சதவீதம். ஒரு வேலைகூடப் புதிதாக வரவில்லை, வேலையின்மை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! குறைந்தது பங்கேற்பு விகிதம், அதாவது 100 பேரில் சந்தையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண், 55-லிருந்து 52-க்கு. அது தலைப்புச் செய்தியில் வராது.

இது வெறும் வாய்ப்பாடு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சொன்ன அதே 2017-18 அறிக்கையில், காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு என்கிற பி.எல்.எஃப்.எஸ்.-இன் முதல் ஆண்டு அது, ஆண்களின் வேலையின்மை 6.1, பெண்களுடையது 5.6. பெண்களுக்கு வேலை எளிதாகக் கிடைத்தது என்று எவராவது இதைப் படித்துச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆண்களில் 100-க்கு 76 பேர் சந்தையில் இருந்தார்கள், பெண்களில் 23 பேர்தான். மீதி 77 பேரைப் பற்றி அந்த 5.6 ஒன்றுமே சொல்லவில்லை.

சரி, அப்படியென்றால் 3.2 என்பதும் ஜனங்கள் வெளியேறியதால் வந்ததா என்று கேட்பீர்கள். இங்கேதான் நானே ஒருமுறை தடுக்கி விழுந்தேன், அப்படித்தான் இருக்கும் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு அப்புறம் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். நடந்தது நேர் எதிர். பங்கேற்பு விகிதம் 49.8-லிருந்து 60.1-க்கு ஏறியிருக்கிறது, பெண்களுடையது 23.3-லிருந்து 41.7-க்கு. ஆறே வருடத்தில் இவ்வளவு ஏற்றம் சாதாரணமில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் என்ன வேலைக்கு வந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பி.எல்.எஃப்.எஸ்.-இல் 21 என்று ஒரு குறியீடு உண்டு. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவர். கணவர் பெயரில் இரண்டு மாடு, பால் சொசைட்டிக்குப் போகிறது, பணம் அவர் கணக்கில் விழுகிறது. புல் அறுப்பது, கறப்பது, சாணி அள்ளுவது எல்லாம் மனைவி. அந்த அம்மாவுக்குக் கையில் ஒரு ரூபாய் வராது, ஆனால் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். (இருக்க வேண்டியதுதான், அது உழைப்புதானே. எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை.) இன்னொன்று, வருடத்தில் பெரும்பகுதி வீட்டு வேலை பார்த்துவிட்டு, சொந்தக் காட்டில் மொத்தமாக 30 நாள் வேலை செய்திருந்தாலும் வழக்கமான நிலைக் கணக்கில், அதாவது கடந்த ஒரு வருடத்தைப் பார்த்து இந்த 3.2-ஐத் தரும் கணக்கில், அவர் வேலையில் இருப்பவராகவே சேர்வார். அதே அம்மாவிடம் "என்ன பண்றீங்க?" என்று மட்டும் கேட்டு, "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போனால் 92. மாட்டைப் பற்றியும் கேட்டால் 21. பங்கேற்பு ஏறியதில் எவ்வளவு நிஜ மாற்றம், எவ்வளவு துருவிக் கேட்டதால் வந்தது என்று பொருளாதாரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அறிக்கையின் சதவீதங்களைப் பெருக்கி நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 2017-18-ல் 100 பெண்களில் 22 பேர் வேலையில் இருந்தார்கள், 2023-24-ல் 40 பேர். கூடுதலாக வந்த 18 பேரில் ஏறக்குறைய 8 பேர் இந்தச் சம்பளமில்லாத உதவியாளர்கள். இன்னொரு 8 பேர் சொந்தமாகச் சிறு தொழில் செய்பவர்கள், அதில் தையல் மிஷினும் இட்லிக்கடையும் உண்டு, நல்லபடியாக நடக்கும் கடையும் உண்டு. கூலி வேலையில் ஒருவர் கூடியிருக்கலாம். மாதச் சம்பள வேலைக்கு வந்தவர்கள் சுமார் 2 பேர். உங்கள் தங்கை தேடியது இந்த இரண்டில் ஒன்றைத்தானே?

ஆக, விகிதம் இரண்டு வழியிலும் இறங்கும். தேடுகிறவர் களைத்து வெளியே போனாலும் இறங்கும், மாடு மேய்க்கிறவர் உள்ளே வந்து கீழே இருக்கும் எண்ணைப் பெருக்கினாலும் இறங்கும். அதோடு, வீட்டில் யாராவது சோறு போட்டால்தான் ஒருவரால் ஒரு வருடம் வேலை தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும். அன்றாடங்காய்ச்சிக்கு அந்த வசதி கிடையாது, கிடைத்ததைச் செய்வார். 2023-24-ல் மொத்த வேலையின்மை 3.2 என்றபோது 15 முதல் 29 வயதுக்காரர்களிடம் அது 10.2 ஆக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தெரு உங்களுக்குக் காட்டுவது அந்த வயதுக்காரர்களை.

பங்கேற்பு விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 16 வயதுப் பெண் கூலிக்குப் போகாமல் பிளஸ் ஒன் சேர்ந்தால் பங்கேற்பு குறையும், அது நல்ல செய்தி. நான் முதலில் பார்ப்பது 100 பேரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண், அப்புறம் அவர்களில் எத்தனை பேர் சம்பளம், கூலி, சொந்தத் தொழில், சும்மா உதவி என்ற பிரிவு. இரண்டும் அதே அறிக்கையில் இருக்கின்றன, பத்து நிமிட வேலை.

கடைசியாக ஒன்று. 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் எண் வெளியிடுகிறார்கள், அந்த ஏப்ரலில் 5.1 சதவீதம். உங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது "3.2 இப்போ 5.1 ஆகிடுச்சு" என்று போட்டால் நம்பாதீர்கள். மாத எண் கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும், அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். வேலை கிடைக்காத வாரத்தில் மாட்டிய கூலிக்காரர் இதில் வேலையில்லாதவராக விழுவார், வருடக் கணக்கில் விழமாட்டார். 2023-24-லேயே வாரக் கணக்குப்படி எடுத்தால் 4.9. அந்த 5.1-ஐ ஒப்பிட வேண்டியது இதோடுதான்.