கடன் கூடினால் கம்பனியின் பெறுமதி மாறுமா?

கேள்வி: "திருகோணமலையில் ஐஸ் கம்பனி நடத்துறம். பாதி பங்குப் பணத்தைக் கடனாக மாத்தினா கம்பனியின்ட பெறுமதி கூடுமா?"

வரியும், கம்பனி வங்குரோத்தானால் வரும் செலவும் இல்லாவிட்டால் கூடாது. பொருளியலாளர்களான மொடிக்லியானியும் மில்லரும் 1958இல் காட்டியது இதுதான்.

ஆண்டு இலாபம் 1 கோடி, பெறுமதி 5 கோடி என்று வைப்போம். 12% வட்டிக்கு 2 கோடி கடன் எடுத்துப் பங்குகளை மீள வாங்கினால், வட்டி 24 இலட்சம். மிஞ்சும் 76 இலட்சம் 3 கோடிப் பங்குக்கு ஏறத்தாழ 25%, முன்பு 20%. இது சும்மா வந்த இலாபமல்ல. வருமானம் விழுந்தால் முதல் அடி பங்குதாரருக்கே என்பதால் அவர்கள் கேட்கும் கூலி. ஐஸ் விற்ற காசு அதே 1 கோடிதான்.

நடைமுறையில் வட்டி வரிக்குக் கழிபடும். 30% வரியில் ஆண்டுக்கு 7.2 இலட்சம் மிச்சம். ஆனால் வாடைக்காற்றில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடந்து ஐஸ் விற்காவிட்டாலும் வங்கித் தவணை நிற்காது. தவணை பிந்தினால் உதிரிப்பாகக்காரர் கடனுக்குத் தரமாட்டார், கொம்பிரசரை அரைவிலைக்குத் தள்ள நேரும். ஆகவே கடனின் அளவை நல்ல மாத வருமானத்தை வைத்தல்ல, மார்கழி வருமானத்தை வைத்தே தீர்மானியுங்கள்.