தீபாவளிச் சேமிப்பில் பன்னிரண்டாம் தவணை இலவசம்: எத்தனை வட்டி விழுகிறது?

பதில் சொல்பவர் காரைக்குடிப் பாத்திரக்கடைகளில் பல வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

மாதம் 1,000 வீதம் பதினோரு மாதம் கட்டினால் 12,000 ரூபாய்க்குப் பாத்திரம் தருகிறார்கள். 11,000-க்கு 1,000 என்றால் 9 சதவீதம்தானே ஐயா? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? (கல்லூரி மாணவி, தேவகோட்டை)

வகுத்தது சரி தங்கச்சி, காலத்தைத்தான் விட்டுவிட்டீர்கள். 11,000 ரூபாயும் முதல் நாளே கடைக்குப் போய்விடவில்லை. கார்த்திகையில் முதல் தவணை, புரட்டாசியில் கடைசித் தவணை, ஐப்பசியில் தீபாவளிக்குப் பொருள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை ஆயிரம் கடையில் பதினோரு மாதம் இருக்கிறது. மார்கழி ஆயிரம் பத்து மாதம். இப்படியே இறங்கி, புரட்டாசி ஆயிரம் ஒரே மாதம்தான் இருக்கிறது. 11, 10, 9 என்று ஒன்று வரை கூட்டினால் 66. அதாவது 66,000 ரூபாயை ஒரே ஒரு மாதத்துக்குக் கொடுத்து வைத்ததற்குச் சமம். அதற்குக் கிடைத்தது 1,000. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வருகிறது. நம் ஊர் பேச்சில் ஒன்றரை வட்டி. வருஷத்துக்கு 18 சதவீதம்.

வங்கியில் 7 சதவீத ஆர்டி என்றால் இதே தவணைகளுக்கு ஐப்பசியில் ஏறத்தாழ 385 ரூபாய்தான் வட்டி வரும். அதனால் ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

18 என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், மாதம் 1.44 சதவீதம்தான் வருகிறது. (வங்கி ஊழியர், காரைக்குடி)

நீங்கள் போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும்:

```
=RATE(11,-1000,0,12000,1)
```

அது வட்டிக்கு வட்டி ஏற்றுகிறது. நான் சொன்னது தனிவட்டி. உங்கள் 1.44-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 17.3, கூட்டுவட்டியாக ஏற்றினால் 18.8. வங்கி விளம்பரத்தோடு ஒப்பிட உங்கள் முறை சரி. கைமாற்று வட்டியோடு ஒப்பிட என் முறை போதும். எப்படிப் போட்டாலும் 17-க்கும் 19-க்கும் நடுவில்தான் நிற்கிறது, இதற்கு மேல் நாம் சண்டை போட வேண்டாம்.

அட்டை முடிந்துவிட்டது அண்ணே. தீபாவளிக்கு எடுக்காமல், மகளின் பொங்கல் சீருக்குத் தையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஏதும் நஷ்டமா? (இல்லத்தரசி, கோட்டையூர்)

நஷ்டம்தான் ஆச்சி. கடைக்காரர் அந்த மூன்று மாதத்துக்குத் தனியாக எதுவும் தரப்போவதில்லை. பதினோரு ஆயிரமும் இன்னும் மூன்று மாதம் சும்மா கிடந்தால் 66-ஓடு 33 சேர்ந்து 99. ஒன்றரை வட்டி ஒரு வட்டியாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் தள்ளினாலே ஒன்றேகாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சில கடைகளில் "கடைசித் தவணைக்கு முப்பது நாள் கழித்து" என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். அது ஐப்பசிக் கணக்கில் அடங்கும். "பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு" என்றிருந்தால் ஒரு மாதம் போய்விட்டது என்று அர்த்தம். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சீருக்கு என்ன பாத்திரம் என்று முடிவாகிவிட்டதென்றால் இப்போதே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கையில் பணம் இருக்கிறது. 11,000 மொத்தமாக முதலிலேயே கட்டிவிட்டால்?

121,000 ரூபாயை ஒரு மாதம் கொடுத்தது போல ஆகும். முக்கால் வட்டிக்குச் சற்று மேலே, வருஷத்துக்கு 10-ஐ ஒட்டி. தங்கச்சி சொன்ன 9 இங்கேதான் கொஞ்சம் பொருந்தும். மாதாமாதமே கட்டுங்கள்.

எத்தனையாவது மாதம் எடுத்தால் தள்ளு குறைவாகப் போகும்? (புதுவயல்)

நீங்கள் ஏலச்சீட்டை நினைத்துக் கேட்கிறீர்கள். இதில் ஏலமும் இல்லை, ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளும் இல்லை, நடுவில் எடுக்கவும் முடியாது. ஏலச்சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது இந்த அட்டைக்குப் பொருந்தாது.

எங்கள் தெருவில் எல்லாரும் போடுகிறார்கள். 18 சதவீதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? (பள்ளத்தூர்)

கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். அந்த 18 ரொக்கமாக வருவதில்லை, கடைக்காரர் விலையில் பாத்திரமாக வருகிறது. எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

12,000 ரூபாய்ப் பாத்திரத்தைப் பக்கத்துக் கடை ரொக்கத்துக்கு ஐந்து சதவீதம் தள்ளித் தருகிறது என்று வையுங்கள். 11,400. ஆர்டி போட்டவர் கையில் ஐப்பசியில் 11,385 இருக்கிறது. பதினைந்து ரூபாய் சேர்த்தால் அதே பாத்திரம் அவர் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ஒரு வருஷம் அட்டை கட்டிய உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பத்து சதவீதம் தள்ளினால் அவருக்கு 585 ரூபாய் மீதி. பண்டிகைத் தள்ளுபடி அட்டைக்காரருக்கு இல்லை என்று பல கடைகளில் சொல்லிவிடுவார்கள், சேருமுன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பாத்திரத்தில் ஒரு வசதி உண்டு. பித்தளையும் வெண்கலமும் எடைக்குத்தான் விலை. அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிலோ என்ன விலை என்று கேளுங்கள். அடுத்த கடையிலும் கேளுங்கள். அப்புறம் அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். விலை மாறினால் போனஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மிக்ஸி, குக்கர் என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும். துணிக்கடையில் இந்தச் சோதனை செல்லாது, ஒரே சேலை இரண்டு கடையில் கிடைப்பது அபூர்வம். துணிக்கு நான் போட மாட்டேன், என் மனைவிக்கு இதில் உடன்பாடு கிடையாது.

ஆடியில் கட்ட முடியவில்லை. ஆவணியில் இரண்டாகக் கட்டினேன். போனஸ் பாதிதான் என்கிறார்கள். நியாயமா? (தையற்கடை வைத்திருப்பவர், திருப்பத்தூர்)

கடைக்கு ஓர் ஆயிரம் ஒரு மாதம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். 66-க்குப் பதில் 65. கணக்குப்படி பதினைந்து, இருபது ரூபாய் பிடிக்கலாம், 500 பிடிப்பது அதிகம். ஆனால் அட்டையில் அப்படி எழுதியிருந்தால் வாதாட இடம் குறைவு. முதலாளியிடம் நேரில் கேளுங்கள், இளகக்கூடும். பாதி கிடைத்தாலும் வருஷத்துக்கு 9 சதவீதம் தேறும், பாதியில் விட்டுவிட வேண்டாம்.

கடையை மூடிவிட்டுப் போனால் யாரைக் கேட்பது?

கம்பெனியாகப் பதிவான கடை என்றால், 2014 விதிகளின்படி பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கழித்துவிட வேண்டும். தவறினால் அது டெபாசிட் ஆகிவிடும். நகைக்கடைத் திட்டங்கள் பதினோரு மாதத்தோடு நிற்க இதுவே முக்கியக் காரணம். நம் ஊர்க் கடைகள் பெரும்பாலும் தனிமுதலாளி அல்லது கூட்டு வியாபாரம், அவற்றுக்கு அந்த விதி இல்லை. ஆள் ஓடிவிட்டால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் வந்தது, பொருளாகத் திருப்பித் தருவதாக வாங்கிய பணமும் அதில் வரும். பணம் எப்போது திரும்பும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அட்டையையும் ஒவ்வொரு தவணை ரசீதையும் பத்திரமாக வையுங்கள், அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால் கடை முத்திரையும் கேட்டு வாங்குங்கள்.